டிஎம்மா, டெர்ம்பேஸா: பம்பு கையேட்டில் எதை நம்புவது?

கோவைப் பக்கத்து பம்பு கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதாக எடுத்துக்கொள்வோம். மாடல் மாறினாலும் வாக்கியங்கள் பெரும்பாலும் மாறாது. மொழிபெயர்ப்பு நினைவகம் (டிஎம்) பழைய வாக்கியத்தை அப்படியே எடுத்து நீட்டும். கலைச்சொல் வங்கி (டெர்ம்பேஸ்) சொல்லை மட்டும் காட்டும், வாக்கியத்தை நாம்தான் எழுத வேண்டும். வேகம் என்று பார்த்தால் டிஎம்முக்கு முன்னால் டெர்ம்பேஸ் நிற்கவே முடியாது.

ஆனால் டிஎம்முக்கு நல்லது கெட்டது தெரியாது. தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை முன்பு யாரோ 'அடைப்பு' என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். குழாயில் மண் சேர்ந்தாலும் அடைப்புதான். இப்போது 'அடைப்பை நீக்கவும்' என்றால் மெக்கானிக் எதை நீக்குவார்? டெர்ம்பேஸில் திருத்துவது எளிது. ஓமேகா-டி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் அது டேப் இட்டுப் பிரித்த சாதாரண உரைக்கோப்புதான்:

```
mechanical seal	மெக்கானிக்கல் சீல்	'அடைப்பு' வேண்டாம்
clog	அடைப்பு
pressure	அழுத்தம்
```

இதைச் சேமித்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் டிஎம் தொடர்ந்து 100 சதவீதப் பொருத்தம் என்று சொல்லியே பழைய 'அடைப்பை' நீட்டிக்கொண்டிருக்கும். டெர்ம்பேஸைத் திருத்தினால் டிஎம் திருந்தாது. கண்ணை மூடிக்கொண்டு தேடி மாற்றவும் முடியாது, மண் அடைப்பும் சேர்ந்து சீலாகிவிடும். மூலத்தில் `seal` வரும் வாக்கியங்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். அதுவரை பழைய டிஎம்மை `tm/penalty-30` என்ற கோப்புறையில் போடுங்கள். 100 என்று வருவது 70 என்று காட்டும், கையும் சற்றுத் தயங்கும். (வெறும் 'சீல்' என்று வைத்தால் 'சீலையைக் கழற்றுவதா' என்று யாராவது கேட்பார்கள். 'மெக்கானிக்கல்' ஒட்டியே இருக்கட்டும்.)

பகுதிப் பொருத்தத்தில் இன்னொரு தொல்லை சந்தி. 'மூடியைத் திறக்கவும்' என்பதை எடுத்து வினையை மட்டும் மாற்றினால் 'மூடியைத் கழற்றவும்' என்று ஒற்று தங்கிவிடும். ஆங்கிலத்துக்காக எழுதிய சோதனைக் கருவிகளுக்கு இது கண்ணில் படாது.

டெர்ம்பேஸும் தமிழில் சறுக்கும். மூலச் சொல்லைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் இல்லை, மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று சரிபார்க்கும்போதுதான் வம்பு. 'அழுத்தம்' என்று பதிந்திருக்க, வாக்கியத்தில் 'அழுத்தத்தை' என்று வந்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி பிழை என்று கூவும். 'மோட்டாரை'யும் அப்படியே. பொய்யான எச்சரிக்கைகள் குவிந்தால் உண்மையான பிழை அதற்குள் புதைந்துபோகும். சரிபார்ப்புக்கு மட்டும் 'அழுத்த', 'மோட்டார' என்று வால் நறுக்கிய வடிவங்களைத் தனிப் பட்டியலாக வைத்தால் இந்தக் கூச்சல் வெகுவாகக் குறையும். மொழிபெயர்ப்பவர் பார்க்கும் பட்டியலில் முழுச் சொல்லே இருக்கட்டும்.

ஒரே ஆள், அதே கையேட்டின் அடுத்த பதிப்பு, பழைய மொழிபெயர்ப்பும் சுத்தம் என்றால் டிஎம்மை நம்பி இறங்கலாம். மூன்று பேர் பங்கு போட்டுச் செய்கிறார்கள் அல்லது பழைய டிஎம் யாருடையது என்றே தெரியவில்லை என்றால், நான் முதலில் பாகங்களின் பெயர்களையும் எச்சரிக்கைச் சொற்களையும் டெர்ம்பேஸில் முடிவு செய்துவிட்டுத்தான் டிஎம்மைத் திறப்பேன்.