எம்.டி., இ.ஐ.எஸ்., எம்.பி.எச்.: ஊருக்குள் இறங்கி வேலை செய்ய எந்த வழி?

நோய் ஏன் பரவுகிறது என்று ஊருக்குள் போய் விசாரிக்கும் தொற்றுநோயியல் வேலைக்கு எதைப் படிப்பது என்று யோசிப்பவர்களுக்கு இது. ஒரு ஊரில் வயிற்றுப்போக்கு பரவுவதாக வைத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குடித்த 120 பேரில் 36 பேருக்கு நோய், அதாவது 30 சதவீதம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்த 80 பேரில் 4 பேருக்கு, 5 சதவீதம். ஆறு மடங்கு வித்தியாசம் என்பதால் சந்தேகம் தொட்டி மேல் விழும்.

இந்த வகுத்தலை யாரும் போட்டுவிடலாம். அந்த 36 சரியான எண்தானா என்பதில்தான் சிக்கல். ‘ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர்’ என்று முதலிலேயே வரையறுக்காவிட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். வீடு வீடாகப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டை மட்டும் நம்பினால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் விடுபடுவார்கள். குளோரின் கொட்டிய பிறகு தண்ணீர் மாதிரி எடுத்தால், கிருமி இருந்திருந்தாலும் ஆய்வகத்தில் வளராமல் போகலாம். இதையெல்லாம் களத்தில்தான் கற்க முடியும். ஆகவே ஒவ்வொரு படிப்பும் உங்களை எவ்வளவு காலம் களத்தில் விடுகிறது என்று பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு நீட் பி.ஜி. வழியாக மூன்றாண்டு எம்.டி. சமுதாய மருத்துவம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த இந்தப் பட்டம் வேண்டும், பொதுச் சுகாதார முதுகலைப் பட்டமான எம்.பி.எச். அதற்கு ஈடாகாது. ஆனால் கிராமப்புறப் பயிற்சி மையப் பணி பல இடங்களில் புறநோயாளிகளைப் பார்ப்பதோடு முடிந்துவிடும். பரவலை முதலிலிருந்து கடைசி வரை விசாரிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ் எனப்படும் இ.ஐ.எஸ். டெல்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் தொடங்கிய இந்த இரண்டாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கானது. பெரும்பகுதி நேரம் களத்தில்தான் போகும். பரவல் விசாரணை, நோய்க் கண்காணிப்பு முறையின் மதிப்பீடு என்று அறிக்கைகளை முடித்துக் காட்ட வேண்டும். பட்டம் கையில் வராது என்பதால், ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் எம்.டி.யே சரி. பரவல் விசாரணையில்தான் மனம் என்றால் இதற்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

அறிவியல் பட்டதாரிக்குத் திறந்திருப்பது எம்.பி.எச். பெரும்பாலும் இரண்டாண்டு. ஏமாறும் இடமும் இதுதான். சேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: களப்பணி எத்தனை வாரம்? எந்த மாவட்ட அலுவலகத்தில்? சென்ற ஆண்டு மாணவர் எழுதிய பரவல் அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் வகுப்பறையில்தான் இரண்டாண்டும் கழியும். விலங்கியல் படித்துக் கொசு, உண்ணி பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்குப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. எம்.பி.எச்.சைவிடப் பொருத்தமாக இருக்கும்.

மாவட்டக் கண்காணிப்புப் பிரிவில் தொற்றுநோயியல் வல்லுநர் பணியிடம் உண்டு. பெரும்பாலும் தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்த வேலை அது. சில விளம்பரங்கள் மருத்துவப் பட்டம் கேட்கும், சில எம்.பி.எச். முடித்த அறிவியல் பட்டதாரியையும் ஏற்கும். நீங்கள் வேலை செய்ய நினைக்கும் மாநிலத்தின் பழைய விளம்பரங்கள் நான்கைந்தை எடுத்துத் தகுதிப் பகுதியைப் படித்த பிறகு கட்டணம் கட்டுங்கள்.