மாம்பால் கறைக்குப் பொடி வாங்கி 1,899 ரூபாய் போச்சு, நீங்களும் வாங்கிவிடாதீர்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். போனில் நேரலை வீடியோ போட்டுப் பொருள் விற்கிறார்களே, அப்படி ஒரு கடையில் செடி, கொடி, மரம் எந்தக் கறையானாலும் போகும் என்று ஒரு டப்பா பொடி வாங்கினேன். விலை 1,899 ரூபாய். கறை போகாமல் இருந்திருந்தால்கூட விட்டிருப்பேன். பழுப்பாக இருந்தது கறுப்பாகிவிட்டது.

எங்கள் தோப்பு காவேரிப்பட்டினம் பக்கம். பெங்களூரா மாங்காய் இறக்கும்போது காம்பை ஒடித்தால் பால் பீச்சி அடிக்கும். அப்படித்தான் என் வெள்ளைக் கைத்தறிப் புடவையிலும் வீட்டுக்காரர் சட்டையிலும் தெறித்தது. அதே வாரம் பலாப்பழம் அறுத்ததில் பிசின் வேறு, பையன் சீருடை முட்டியில் புல் கறை வேறு. மூன்றுக்கும் இது ஒன்றே போதும் என்றார் அந்த ஆள்.

நம்ப வைத்தது அந்த வீடியோதான். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஏதோ ஊற்றினார். "இது மாம்பால் மேடம், பாருங்க" என்று பொடி கரைத்த தண்ணீரைத் தெளித்தார். கண் எதிரே மாயமாக மறைந்தது. உடனே பணம் கட்டினேன்.

டப்பாவில் எழுதியிருந்தபடி கொதிக்கும் தண்ணீரில் பொடியைக் கரைத்துப் புடவையை ஊறவைத்தேன். எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் கரி மாதிரி கறுத்திருந்தன. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருந்த சேர்மானம் சோடியம் கார்பனேட், அவ்வளவுதான். மளிகைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சலவை சோடா!

பக்கத்து வீட்டில் வேதியியல் டீச்சர் இருக்கிறார். அவர் சொன்ன பிறகுதான் விஷயமே புரிந்தது. சோப்பு என்ன செய்யும்? துணிமேல் உட்கார்ந்திருக்கும் எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போகும். மாம்பால் அப்படி உட்கார்ந்திருப்பதில்லை. அதில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் காற்றுப் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து, நூலுக்குள்ளேயே இறுகிவிடும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயில் வார்னிஷ் செய்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சோடா போன்ற காரமும் சூடும் சேர்ந்தால் அந்தக் கருப்பேறுதல் இன்னும் வேகமாக நடக்கும். என் புடவைக்கு நடந்தது அதுதான்.

வீடியோவில் எப்படி மறைந்தது என்று கேட்டேன். காயத்துக்குப் போடும் பழுப்பு அயோடின் மருந்தை ஒரு கந்தையில் தடவி, வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்து ஊற்றினார் டீச்சர். அச்சு அசலாக அதேபோல் மறைந்தது! அயோடின் நிறமற்றதாக மாறிவிடுகிறதாம். அவர்கள் ஊற்றியது என்ன என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உலர்ந்த மாம்பால் அப்படி நொடியில் மறையவே மறையாது.

கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் "உங்க ஊர் உப்புத் தண்ணி மேடம், அதான்". சரி, கேன் தண்ணீரில் அதே பொடியைக் கரைத்துச் சட்டையை நனைத்தேன், அதுவும் கறுத்தது. அப்புறம் "இன்னொரு டப்பா வாங்குங்க, பாதி விலைக்குத் தர்றோம்". கடைசியில் "திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம்". நான் எழுதிய விமர்சனமும் காணோம். 1,899 ரூபாய் போனதோடு புடவையும் போச்சு.

கறை எடுக்கும் வழியை விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. மாம்பால் ஈரமாக இருக்கும்போதே ஒற்றி எடுத்து, தண்ணீர் படாமல் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவத்தை உலர்ந்த துணியிலேயே தேய்த்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பால் தோலைப் புண்ணாக்கும், கையுறை போடுங்கள். பலாப்பிசின் ரப்பர் மாதிரி, எண்ணெயில்தான் இளகும். அதற்கும் இதே வழிதான், சுடுதண்ணீர் ஊற்றினால் இன்னும் உள்ளே இறங்கும். புல் கறையின் பச்சையம் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரையும், அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு மட்டும் செய்யாதீர்கள். சாயத் துணியானால் உள் மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கறை போகும் வரை இஸ்திரி கூடாது. காய்ந்து கறுத்த மாம்பால் முழுசாகப் போகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். டப்பா, ரசீது, வீடியோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே பொடி வாங்கி ஏமாந்தவர்கள் உங்கள் ரசீதை வைத்து நீங்களும் புகார் போடுங்கள்.