ஒரே இட்லி மாவு வீடியோ, ஆறு மொழிகள்: சப்டைட்டிலும் மாற்றுக் குரலும் நீண்ட நாள் பயன்பாட்டில்

எட்டு நிமிட இட்லி மாவு வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேச்சு தமிழில். சப்டைட்டில் தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம், தெலுங்கு, சிங்களம் என ஆறு மொழிகளில். மாற்றுக் குரல் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் மட்டும். நீண்ட நாள் பயன்படுத்திய பிறகும் சரி என்று படுகிற பங்கீடு இதுதான். ஒரு மொழிக்குச் சப்டைட்டில் போட நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் அரை நாள் போதும். குரல் என்றால் பேசுபவர், பதிவு, கலவை, சரிபார்ப்பு என்று வேலை பல மடங்காகிறது. ஆறு மொழியிலும் அரைகுறையாகக் குரல் கொடுப்பதைவிட இரண்டு மொழியில் ஒழுங்காகக் கொடுப்பது மேல்.

வேலை தொடங்குவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: படத்தொகுப்பை இனி யாரும் தொடக்கூடாது. மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு நடுவில் பன்னிரண்டு நொடியை வெட்டினால், ஆறு சப்டைட்டில் கோப்பும் இரண்டு குரல் கோப்பும் அந்த இடத்திலிருந்து கடைசி வரை தவறிப்போகும். திரையில் "உளுந்து ஒரு பங்கு" என்று தமிழில் எழுத்து போட்டிருந்தால் அதையும் நீக்கிய பிரதி ஒன்றை ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். "4 : 1" என்று எண்ணாக மட்டும் போட்டால் எல்லா மொழிக்கும் பொருந்தும். எது அரிசி, எது உளுந்து என்பதை அந்தந்தச் சப்டைட்டில் சொல்லிவிடும்.

அடுத்தது தாய்க்கோப்பு. தமிழ்ப் பேச்சை நேரக்குறிகளோடு தமிழிலேயே எழுதிய எஸ்.ஆர்.டி. கோப்புதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. தானியங்கி எழுத்தாக்கத்தை எடுத்து அப்படியே மொழிபெயர்க்கக் கொடுப்பது பெரிய தவறு. அங்கே நுழைந்த ஒரு பிழை ஐந்து மொழிக்கும் போய்ச் சேரும். பேச்சில் "அரைச்சுக்கணும்" என்று வந்தால் சப்டைட்டிலில் "அரைக்க வேண்டும்" என்று எழுதலாம். காது கேளாதவர்களும், மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் வரை வேறுவேறு பேச்சு வழக்கு உள்ளவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் எளிய எழுத்து வழக்கே வசதி.

எங்கே வெட்டுவது என்பதில்தான் பாதி வேலை. ஒரு சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. ஒரு நொடிக்குக் குறைவாகவோ ஏழு நொடிக்கு மேலாகவோ திரையில் நிற்கக்கூடாது. ஆங்கிலத்துக்கு வரிக்கு 42 எழுத்து என்பது பரவலான வரம்பு. தமிழுக்கு அதே எண்ணைப் போடும்போது சிக்கல் வரும். பல மென்பொருள்கள் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோட் குறிகளைத்தான் எண்ணுகின்றன. "போ" நமக்கு ஒரு எழுத்து, அவற்றுக்கு இரண்டு குறி. "அதன் பிறகே அரிசியைப் போட வேண்டும்." என்ற வரியைக் கண் 22 இடமாகப் படிக்கிறது (இடைவெளியும் புள்ளியும் சேர்த்து). குறிகளாக எண்ணினால் 34 வரும். மென்பொருள் சிவப்புக் கோடு காட்டுகிறதே என்று நல்ல வரியைச் சுருக்கிவிடாதீர்கள். "போ" என்று மட்டும் தட்டிப் பாருங்கள். 2 என்று காட்டினால், அந்த மென்பொருளின் வரம்பைத் தமிழுக்கு உயர்த்திக்கொள்ளலாம்.

சொற்களின் வரிசை இன்னும் முக்கியம். மாவு அரைக்கும் இடத்தில் பேச்சு இப்படி வருகிறது: "உளுந்த எடுத்த பிறகுதான் அரிசியப் போடணும்." படத்தில் முதலில் கை உளுந்து மாவை வழிக்கிறது, பிறகு அரிசி விழுகிறது. இதை ஆங்கிலத்தில் நேராகப் பெயர்த்தால் 'அரிசியைப் போடு' என்பது முன்னால் வந்துவிடும். திரையில் உளுந்து, எழுத்தில் அரிசி. சமைத்துக்கொண்டே பார்ப்பவர் குழம்பிப்போவார். தாய்க்கோப்பிலேயே படத்தின் வரிசையில் இரண்டாக உடைத்துவிட்டால் இது வராது:

```
12
00:01:46,200 --> 00:01:49,400
முதலில் உளுந்து மாவை
வழித்து எடுக்க வேண்டும்.

13
00:01:49,480 --> 00:01:52,300
அதன் பிறகே அரிசியைப் போட வேண்டும்.
```

மலையாளம், தெலுங்கு, இந்தி, சிங்களம் எல்லாமே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழிகள். ஆகவே தமிழின் நேரக்குறிகள் பெரும்பாலும் மாற்றமில்லாமல் அவற்றுக்குப் பொருந்துகின்றன. ஆங்கிலத்துக்கு மட்டும் சில இடங்களில் வெட்டை மாற்ற வேண்டும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: மலையாளத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றி மொழிபெயர்க்கக்கூடாது. தமிழிலிருந்து நேரே போனால் "உளுந்து" சிரமமில்லாமல் "உழுந்நு" ஆகும். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கறுப்புப் பருப்பாக மாறி வந்தால் மொழிபெயர்ப்பாளர் ஊகிக்க வேண்டிவரும்.

சொற்பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுங்கள். இருபது சொல் போதும். "பச்சரிசி" பச்சை நிற அரிசியாக மாறும் ஆபத்து உண்டு. அது வேகவைக்காமல் குத்திய அரிசி, "புழுங்கல்" நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்தது என்று பட்டியலில் விளக்கிவிடுங்கள். "மாவு பொங்குவது" கொதிப்பது இல்லை, புளித்து எழும்புவது. "உழக்கு", "ஆழாக்கு" போன்ற அளவுகளைத் தமிழ்ச் சப்டைட்டிலில் அப்படியே விடலாம், மற்ற மொழிகளுக்குக் கிராம் கணக்கு வேண்டும். நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து என்று எழுதிக் கொடுத்தால் யாரும் கணக்குப் போட வேண்டியிருக்காது.

கோப்பைச் சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுங்கள். தவறினால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அப்படிச் சேமித்து மூடிய கோப்பை மீட்க முடியாது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் காரணம் வேறு: தட்டச்சு செய்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதை யூனிகோடுக்கு மாற்றி மீட்டுவிடலாம்.

இனி குரல். அதிகம் நடக்கும் தவறு இதுதான்: ஆங்கிலக் குரலை மட்டும் பதிவு செய்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பவர் மொழியை மாற்றியதும் கிரைண்டர் ஓடுகிறது, சத்தம் இல்லை. தட்டு விழுகிறது, சத்தம் இல்லை. யூடியூப் புதிய ஒலித்தடத்தைப் பழையதன் மேல் கலப்பதில்லை. பழையதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை ஒலிக்கிறது. எனவே மூல வீடியோவைத் தொகுக்கும்போதே பேச்சை ஒரு தடத்திலும் இசை, சமையல் ஓசைகளை இன்னொரு தடத்திலும் பிரித்து வைத்து, பேச்சில்லாத கலவையைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். ஒவ்வொரு மொழிக் குரலையும் அதன் மேல் கலந்து முழுத் தடமாகவே ஏற்ற வேண்டும். சட்டையில் குத்தும் மைக்கில் பேச்சையும், தனி மைக்கில் அடுப்படி ஓசையையும் எடுத்தால் இந்தப் பிரிப்பு ஓரளவு சுத்தமாக வரும்.

பிரிக்க வழியே இல்லாத பழைய வீடியோ என்றால் செய்தி ஆவணப்படங்களின் முறையைப் பின்பற்றலாம். தமிழ்க் குரல் முழு ஒலியில் ஒரு நொடி கேட்கிறது, பிறகு 18 டெசிபல் குறைந்து தணிகிறது, அதன் மேல் ஆங்கிலக் குரல் வருகிறது. கேட்க நேர்மையாகவும் இருக்கும்.

குரலுக்கான உரை சப்டைட்டிலின் நகலாக இருக்க முடியாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது பெரும்பாலும் நேரம் மிஞ்சும், அந்த மௌனத்தில் கிரைண்டர் ஓசை வரட்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது வாக்கியம் நீளும். நீளும் இடத்தில் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் `Change Tempo` கொண்டு ஐந்து விழுக்காடு வரை கூட்டினால் காது கண்டுகொள்வதில்லை. பத்தைத் தாண்டினால் பேசுபவர் பேருந்துக்கு ஓடுகிறவர் போலத் தெரிவார். சொல்லைக் குறைப்பதே வழி. அதைவிட நல்லது, மூல வீடியோவிலேயே ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒரு நொடி இடைவெளி விட்டுத் தொகுப்பது.

ஒலி அளவிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஆடாசிட்டியின் `Loudness Normalization` திறக்கும்போது, காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். அலகில் -23 என்று இருக்கும். அது தொலைக்காட்சி அளவு. அப்படியே விட்டால் தமிழ்த் தடத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியவர் ஒலியைக் கூட்ட வேண்டிவரும். யூடியூப் -14-க்கு மேல் உரத்து இருப்பதைத் தணிக்கும், தாழ்ந்திருப்பதை உயர்த்தாது. எல்லா மொழிக் கலவையையும் -14-க்கு அருகில் ஒரே அளவில் வைத்துவிடுங்கள்.

தடம் வேவ் கோப்பாக, வீடியோவின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை முழு நீளத்துக்கு இருக்க வேண்டும். தொடக்க மௌனத்தை வெட்டிவிட்டால் எல்லாமே முன்னால் நகர்ந்துவிடும். சரிபார்க்க மூன்று இடங்களைப் பாருங்கள்: கிரைண்டர் சுவிட்சைப் போடும் இடம், நடுவில் ஒரு தட்டு வைக்கும் இடம், கடைசியில் இட்லிச் சட்டியின் மூடி திறக்கும் இடம். மூன்றிலும் ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ தொடக்கத்தில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். முழுத் தடத்தையும் நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், நொடிக்கு எத்தனை படம் என்ற பிரேம் விகிதம் மாறியிருக்கிறது. 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்ட திட்டத்தில் எட்டு நிமிட முடிவில் ஏறக்குறைய அரை நொடி விலகும். கைபேசியில் எடுத்த வீடியோவில் பிரேம் விகிதமே இடையிடையே மாறுவதுண்டு. தொகுக்கும் முன்பே வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் `Constant Framerate` கொடுத்து மாற்றிக்கொள்வது இதைத் தடுக்கும்.

ஏற்றும்போது தலைப்பையும் விளக்கத்தையும் அந்தந்த மொழியில் சேர்க்க மறக்காதீர்கள். இந்திக் குரல் இருந்தும் தலைப்பு தமிழில் மட்டும் இருந்தால், தேடலில் அதைக் கண்ட இந்திக்காரர் தனக்கானதில்லை என்று கடந்துபோவார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிரதிக்கு மட்டும் வேறு வழி. அங்கே தனிச் சப்டைட்டில் கோப்பு வேலை செய்யாது, எஃப்.எஃப்.எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளால் எழுத்தைப் படத்திலேயே பதித்துவிட வேண்டும்:

```
ffmpeg -i idli.mp4 -vf "subtitles=idli.ta.srt:force_style='FontName=Noto Sans Tamil'" -c:a copy idli-ta.mp4
```

பதித்த பிறகு "கொ", "கை", "கே" வரும் வரி ஒன்றை நிறுத்திப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் தனியாகத் தெரிந்தாலோ, எழுத்துருவில் குற்றமில்லை. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. எஃப்.எஃப்.எம்பெக் என்றால், எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலையும் உள்ளடக்கிய பதிப்பு வேண்டும். பிரீமியரில் அமைப்புகளின் `Graphics` பகுதியில் `South Asian and Middle Eastern` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே சேர்த்த எழுத்து தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி அப்படியே ஏற்றுமதி செய்யாதீர்கள்.