நான்கு சேமிப்புகள், ஒரே டிசம்பர்: வரி போகக் கையில் நின்றது எவ்வளவு?

வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில், சில சேமிப்புகளில் போடும் பணத்தை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சிறிய அச்சகம் நடத்தும் எனக்குச் சம்பளமும் இல்லை, பி.எஃப். பிடித்தமும் இல்லை. ஒன்றரை லட்சத்தையும் நானேதான் நிரப்ப வேண்டும். 2018 டிசம்பர் 3 அன்று அதை மூன்றாகப் பிரித்தேன். பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப் கணக்கில் 50,000, அஞ்சலகத்தில் தேசிய சேமிப்புச் சான்றிதழான என்எஸ்சியில் 50,000, பங்குச்சந்தை சார்ந்த வரிச்சேமிப்புப் பரஸ்பர நிதியான இஎல்எஸ்எஸ்ஸில் 50,000. அதே வாரத்தில் என் மனைவி தன் 80சி கணக்குக்காக வங்கியில் ஐந்தாண்டு வரிச்சேமிப்பு வைப்பாக 50,000 போட்டார். 2023 டிசம்பரில் நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தோம்.

அதற்கு முன் ஒரு பழைய தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலீட்டு முகவர் ஒருவர் எனக்குக் கொடுத்தது. மிச்சமாகும் வரியையும் வருமானமாகச் சேர்த்து இஎல்எஸ்எஸ்ஸை வானளாவக் காட்டியிருந்தார். அன்று நான் 20 சதவிகித வரம்பில் இருந்தேன். செஸ் சேர்த்து 20.8. ஐம்பதாயிரத்துக்கு 10,400 ரூபாய் வரி மிச்சம். அதாவது என் கையிலிருந்து போனது 39,600தான் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கில், முதலீடு ஒரு பைசா வளராமல் அதே 50,000ஆகத் திரும்பி வந்தாலும், மூன்றாண்டில் வந்தால் ஆண்டுக்கு 8.1 சதவிகிதம் ‘வருமானம்’. ஐந்தாண்டில் வந்தால் 4.8, பதினைந்தாண்டில் வந்தால் 1.6. அந்தத் தாள் அளந்தது, பணத்தை எடுக்க முடியாதபடி பூட்டியிருக்கும் லாக்-இன் காலத்தின் நீளத்தை மட்டும்தான். 10,400 ரூபாய் மிச்சம் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் அதை வெளியே எடுத்துவிட்டேன்.

பிறகு கணினியில் ஒரு பத்தியில் தேதி, இன்னொன்றில் தொகை. போட்ட பணமும் ஆண்டுதோறும் வட்டிக்காகக் கட்டிய வரியும் கழித்தல் குறியுடன், கடைசியில் வந்த தொகை கூட்டலாக. கீழே, ஆண்டு வருமான விகிதத்தைத் தரும் ஒரே வரி:

```
=XIRR(B2:B7, A2:A7)
```

என்எஸ்சிக்கு அன்றைய வட்டி 8 சதவிகிதம். ஐந்தாண்டு முடிவில் 73,466 ரூபாய் வந்தது. அஞ்சலகத்தில் வரி எதுவும் பிடிக்கவில்லை என்பதால் பலர் இதை முழு லாபம் என்று எண்ணிவிடுகிறார்கள். வட்டி கைக்கு வராவிட்டாலும் ஆண்டுதோறும் அதை வருமானத்தில் காட்டியாக வேண்டும். முதல் ஆண்டு 4,000 ரூபாய் வட்டி, அதற்கு 832 ரூபாய் வரி. 2021-22இல் அட்டைப்பெட்டி ஆர்டர்கள் வந்து நான் 30 சதவிகித வரம்புக்கு ஏறினேன். அதன்பின் வட்டியில் 31.2 சதவிகிதம் வரிக்குப் போனது. ஆக மொத்தம் 6,456 ரூபாய் வரி. 8 சதவிகிதம் என்று வாங்கியது 5.8 சதவிகிதமாக நின்றது. உள்ளே போகும்போது 20.8 மிச்சம் பிடித்தவன், வட்டிக்கு 31.2 கொடுத்தேன்.

மனைவியின் வங்கி வைப்புக்கு 7 சதவிகிதம்தான், காலாண்டுக் கூட்டு வட்டி. அவர் கடைசி வரை 20 சதவிகித வரம்பில் இருந்தார். வரி போக அவருக்குக் கிடைத்தது 5.7. முகப்பில் ஒரு சதவிகிதம் கூடுதலாக வைத்திருந்த நான், முடிவில் 0.1 மட்டுமே முந்தினேன். அவர் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

என்எஸ்சியில் ஒரு சலுகையைத் தாமதமாகத்தான் பயன்படுத்தினேன். முதல் நான்கு ஆண்டு வட்டி மறுமுதலீடாகக் கருதப்படுவதால், அதையும் 80சி கணக்கில் காட்டலாம். ஒன்றரை லட்சத்தைப் புதுப் பணத்தாலேயே நிரப்பிவிட்டால் அதற்கு இடமிருக்காது. மூன்றாம் ஆண்டிலிருந்து முதலில் இந்த வட்டியை எழுதிவிட்டு, மீதிக்கு மட்டும் பணம் போட்டேன். ஐந்தாம் ஆண்டு வட்டிக்கு இது கிடையாது.

பிபிஎஃப் வட்டிக்கு வரியே இல்லை. டிசம்பர் 2018இல் 8 சதவிகிதமாக இருந்த வட்டி 2020 ஏப்ரலில் 7.1க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அப்படியும் 2023 டிசம்பரில் அந்த 50,000 ஏறத்தாழ 71,280 ஆகியிருந்தது. ஆண்டுக்கு 7.35 சதவிகிதம், அப்படியே கையில்.

பதினைந்தாண்டு பூட்டு என்பதுதானே பயம்? அந்தப் பதினைந்தாண்டு கணக்குக்குத்தான், ஒவ்வொரு தவணைக்கும் அல்ல. கணக்குத் தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணுகிறார்கள். நான் தொடங்கியது 2009-10இல். ஆகவே 2018 டிசம்பரில் போட்ட பணம் 2025 ஏப்ரலில், அதாவது ஆறு ஆண்டு நான்கு மாதங்களில் விடுபட்டது. 2023 டிசம்பரில் போட்டதற்கு ஓராண்டு நான்கு மாதம்தான். இஎல்எஸ்எஸ்ஸில் நேர்மாறு: ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனியாக மூன்றாண்டு. ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டியாவது பிபிஎஃப் கணக்கை முன்பே தொடங்கி வைத்தவர் கையில் இருப்பது, கடைசி ஆண்டுகளில் எல்லாவற்றிலும் குறுகிய பூட்டு.

இதில் ஒரு சறுக்கல். மாத வட்டி, ஐந்தாம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடைப்பட்ட மிகக் குறைந்த இருப்புக்குத்தான். 2019 டிசம்பரில் 4ஆம் தேதி காசோலை கொடுத்தேன், கணக்கில் ஏறியது 6ஆம் தேதி. 329 ரூபாய் போனது. அதன்பின் காசோலையைத் தொடுவதில்லை.

இஎல்எஸ்எஸ் 50,000, 2023 டிசம்பரில் 98,400 ஆனது. லாபம் 48,400. அன்றைய விதிப்படி நீண்டகால மூலதன ஆதாயத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை வரியில்லை, எனக்கு வேறு ஆதாயமும் இல்லை. ஆண்டுக்கு 14.5 சதவிகிதம். ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து லட்சம் போட்டு ஒரே ஆண்டில் விற்றிருந்தால் விலக்குப் போக 10.4 சதவிகித வரி விழுந்து 13.6 ஆகியிருக்கும். 2024-25 முதல் விலக்கு ஒன்றேகால் லட்சம், 2024 ஜூலை 23 முதல் வரி செஸ் நீங்கலாக 12.5.

அதைவிட முக்கியம், பூட்டுத் திறக்கும் நாளை முதிர்வு நாள் என்று நினைக்கக் கூடாது. 2017 மார்ச்சில் போட்ட இன்னொரு 50,000, மூன்றாண்டு முடிந்த 2020 மார்ச் கடைசியில் 43,000ஆகக் கிடந்தது. அன்று எடுத்திருந்தால் ஆண்டுக்கு ஐந்து சதவிகிதம் நட்டம். 2018 டிசம்பர் தவணை அதே மாதம் 36,000க்கும் கீழே போயிருந்தது. பூட்டியிருந்ததால் விற்க முடியவில்லை. விற்க முடிந்திருந்தால் விற்றிருப்பேன்.

குறுகிய பூட்டு உண்மையாகக் கைகொடுத்தது மறு ஆண்டில். கொரோனாவால் பள்ளியும் இல்லை, கல்யாணமும் இல்லை, அச்சகத்தில் அழைப்பிதழ் வேலையே இல்லை. 80சிக்குப் போடப் புதுப் பணம் இல்லை. 2021 மார்ச்சில் அந்த 2017 யூனிட்டுகளை விற்றேன், 71,000 வந்தது. அதில் 50,000ஐ மறுபடி இஎல்எஸ்எஸ்ஸிலேயே போட்டு அந்த ஆண்டுக் கழிவைப் பெற்றேன். அதே ரூபாய்க்கு இரண்டாம் முறை வரிக்கழிவு. என்எஸ்சியில் இதற்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பு முறை. அதில் 80சி கிடையாது. தொழில் வருமானம் உள்ளவன் பழைய முறையில் நிற்கப் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும், பிறகு ஒரு முறைதான் புதியதற்குத் திரும்பலாம். இந்த ஆண்டு திரும்பிவிட்டேன். பூட்டுள்ள நிதியில் இனிப் பணம் போடக் காரணமில்லை, பங்குச்சந்தைக்குச் சாதாரண நிதி போதும். என்எஸ்சியும் வேண்டாம். பிபிஎஃப் வட்டிக்குப் புதிய முறையிலும் வரியில்லை என்பதால் முதிர்ந்த கணக்கை ஐந்தாண்டு நீட்டித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.