நீங்கள் வாங்காத கடன் உங்கள் பேரில் இருந்தால்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் சிபில் அறிக்கையில் ஏதோ ஒரு ஆப் வழியாக வாங்கிய 15,000 ரூபாய் தனிநபர் கடன் இருப்பதாகவும், ஒரு தவணைகூடக் கட்டாமல் வட்டியும் அபராதமும் ஏறி நிற்பதாகவும் வங்கியில் சொன்னார்கள். அந்த ஆப்பை நான் பார்த்ததுகூட இல்லை. கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கியில் பதிவான ஒரு நிதி நிறுவனம். யாரோ என் பான் எண்ணை வைத்து அங்கே கடன் எடுத்திருக்கிறார்கள்.

அறிக்கையை முழுதாக எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. தொலைபேசி எண்கள், முகவரிகள் என்று ஒரு பகுதி இருக்கும். என் அறிக்கையில் அங்கே எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கைபேசி எண்ணும், நான் போயே இராத ஊரின் முகவரியும் இருந்தன. இரண்டும் கடன் தொடங்கிய அதே மாதத்தில் பதிவானவை. திருட்டுக்கு முதல் சாட்சி அதுதான். உடனே அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தேன்.

அடுத்த வாரமே வசூல் ஆள் பேசினார். "சார், மூவாயிரம் கட்டிடுங்க, செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்" என்றார். தொல்லை ஒழிந்தால் போதும் என்று பலர் இங்கேதான் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அறிக்கையிலும் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்து கடன் கேட்கப் போகும் இடத்தில் அதையும் கெட்ட பெயராகத்தான் பார்ப்பார்கள். "இது என் கடன் இல்லை, எழுத்தில் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள்.

அப்புறம் சிபில் தளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது இல்லை' என்று ஆட்சேபம் பதிந்தேன். 'மாற்றம் இல்லை' என்று பதில் வந்தது. காரணம் எளிது. சிபில் தானாக எதையும் திருத்தாது, கடன் கொடுத்த நிறுவனத்தைத்தான் கேட்கும். பான் எண் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு அவர்கள் 'சரிதான்' என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மனிதனின் வீட்டுக் கனவு நிற்கிற இடத்தில் இவ்வளவு அலட்சியம். இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அதனால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கே மின்னஞ்சல் எழுதினேன். அதற்கு முன் cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்து, காவல் நிலையத்திலும் மனு கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கிக்கொண்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் அடையாளத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டேன்.

மின்னஞ்சலில் 'நான் வாங்கவில்லை' என்பதை ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். மீதி எல்லாம் கேள்விகள்: பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது? கேஒய்சிக்கு எடுத்த செல்ஃபி எங்கே? ஒப்பந்த நகல் எங்கே? இதில் முதல் கேள்விதான் உயிர். டிஜிட்டல் கடன் பற்றிய ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அவர்கள் தந்த பதிலைப் பார்த்தால், என் விஷயத்தில் பணம் போனது எனக்குக் கணக்கே இல்லாத ஒரு வங்கிக்கு. செல்ஃபியில் இருந்தது வேறொரு முகம். அந்த மாதத்திய என் வங்கி அறிக்கையையும் இணைத்து மறுபடி எழுதினேன். அதன் பிறகுதான் கடனை என் பேரிலிருந்து நீக்க ஒப்புக்கொண்டார்கள்.

அறிக்கையில் உள்ள தவறைத் திருத்தக் கேட்கும் புகாரைத் தீர்க்க மொத்தம் 30 நாள்தான் அவகாசம். அதில் நிறுவனத்துக்கு 21 நாள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் பதிலே தராவிட்டாலும், தந்த பதில் உங்களுக்குத் திருப்தியில்லை என்றாலும் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதியதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். எனவே போனில் பேசி முடிக்காதீர்கள்.

சிபிலில் நீங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று சிபில் போலவே கடன் அறிக்கை தரும் நிறுவனங்கள் இன்னும் மூன்று உண்டு. ஒவ்வொன்றின் அறிக்கையையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். கடன் உங்களுடையது இல்லை என்று நிறுவனம் தரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கியை வேறு வசூல் நிறுவனத்துக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால் அங்கிருந்து மறுபடி அழைப்பு வரலாம். அப்போது காட்ட உங்களிடம் இருப்பது அந்தக் கடிதம்தான்.