ஒரே பெண், மூன்று சம்மரி: ஏர்போர்ட் வேலைக்கு எதை அனுப்பலாம்?

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் ஒன்பது வருடம் நின்றவள் நான். அப்புறம் சில வருடங்கள் ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தேன். போன மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் பயோடேட்டாவை அனுப்பி, "அக்கா, மேல இருக்கிற அந்த நாலு வரி மட்டும் சரியா வரமாட்டேங்குது, பாருங்க" என்றாள்.

வயது 24. திரிசூலம் பக்கத்தில் 40 அறைகள் கொண்ட ஓர் ஓட்டலில் மூன்று வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கிரவுண்ட் ஸ்டாஃப், கேபின் குரூ இரண்டுக்குமே விண்ணப்பிக்கிறாள். அந்த நாலு வரிச் சம்மரியை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தாள். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்.

முதலாவது இப்படி இருந்தது: "இனிய சுபாவமும் சிறந்த உரையாடல் திறனும் கொண்டவள். எந்த நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவள். நான்கு மொழிகளைச் சரளமாகப் பேசுவேன். புகழ்பெற்ற விமான நிறுவனத்தில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்."

இதைப் படித்துவிட்டு, இவள் எங்கே வேலை பார்த்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. துணிக்கடையில் இருந்தவளும் இதையே எழுதலாம், நேற்று கல்லூரி முடித்தவளும் இதையே எழுதலாம். அதைவிடப் பெரிய சிக்கல் 'சரளமாக' என்ற சொல்லில் இருக்கிறது. நேர்முகத்தில் நாங்கள் அந்தச் சொல்லைத்தான் முதலில் பிடிப்போம். "உள்நாட்டுப் பயணி ஒருவர் 23 கிலோ பெட்டியோடு வந்திருக்கிறார். அவருக்கு அனுமதி 15 கிலோ. மீதி எட்டு கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் பொருளை எடுக்க வேண்டும். இதை அவருக்கு இந்தியில் சொல்லுங்கள்" என்போம். திரைப்படம் பார்த்துக் கற்ற இந்தி அந்த இடத்தில் நின்றுவிடும். நான் அந்தப் பெண்ணிடமும் போனிலேயே கேட்டேன். இந்தியில் நன்றாகவே சொன்னாள். மலையாளத்தில் கேட்டதும் தடுமாறினாள். ஆக, நான்கில் ஒன்று சரளம் இல்லை.

இரண்டாவது சம்மரி எண்களால் ஆனது: "40 அறை ஓட்டலில் மூன்று ஆண்டு வரவேற்புப் பணி. ஒரு ஷிப்டில் 20 முதல் 25 செக்-இன். மாதத்தில் 10 இரவு ஷிப்ட். பணம், கார்டு வசூலும் நாள் கணக்கும் என் பொறுப்பு. தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம்."

முதலாவதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வி கேட்டுச் சரிபார்க்க முடியும். மாதம் பத்து இரவு ஷிப்ட் என்பது எங்களுக்கு மிக முக்கியம். சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்பும். இரவு வேலை உடம்புக்கு ஒத்துவராமல் சில வாரங்களிலேயே விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகியவள் என்று தெரிந்தாலே ஒரு கவலை குறையும்.

ஆனால் அவளிடம் இருந்த மிகப் பெரிய சரக்கை அவளே எழுதாமல் விட்டிருந்தாள். "வெளிநாட்டு கெஸ்ட் வருவாங்களா?" என்று கேட்டேன். "நிறைய வருவாங்க அக்கா, அவங்களுக்கு ஃபார்ம் சி நான்தான் போடுவேன்" என்றாள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஓட்டல்காரர்கள் குடிவரவு அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்பும் விவரம் அது. அதற்காக மூன்று வருடமாகப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பிரித்துப் படித்திருக்கிறாள். எண், காலாவதித் தேதி, விசா வகை, நாட்டுக்குள் நுழைந்த நாள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

செக்-இன் கவுண்டரில் நாங்கள் பயப்படுகிற இடமே இதுதான். விசா காலாவதியான ஒருவரைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டால், போய் இறங்கும் நாடு அவரைத் திருப்பி அனுப்பும். திருப்பிக் கூட்டி வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. சிரிப்பையும் வணக்கத்தையும் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிடலாம். பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது பாஸ்போர்ட்டின் தேதியை விடாமல் பார்க்கும் கண் அவ்வளவு சீக்கிரம் வராது. சேவைத் திறமை என்று அவள் எழுத வேண்டியது இதைத்தான்.

இரண்டாவதில் உள்ள குறை, நெருக்கடி பற்றி ஒன்றுமே இல்லாதது. அதற்குத்தான் மூன்றாவதை எழுதியிருந்தாள்: "2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓட்டலில் சிக்கிய அனைவரையும் தனி ஆளாகச் சமாளித்து, எல்லோருக்கும் அறை கொடுத்து, அனைவரையும் மகிழ்ச்சியோடு வழியனுப்பினேன்."

நல்ல சம்பவத்தை எடுத்திருக்கிறாள். டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்று, சேவை நிறுத்தப்பட்டு, மறுநாள் காலையில்தான் திறந்தார்கள். அந்த நாளைப் படிக்கிறவர் மறந்திருக்க மாட்டார். மறக்காததால்தான் "எல்லோருக்கும் அறை", "அனைவரும் மகிழ்ச்சி" என்பதை நம்பவும் மாட்டார். "தனி ஆளாக" என்பது இன்னும் ஆபத்து. மேலாளரிடம் கேட்காமல் முடிவெடுப்பாளோ என்று தோன்றும். எங்கள் வேலையில் அது குற்றத்துக்குச் சமம். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுண்டர் மூடிவிட்டது என்றால், 58 நிமிடம் இருக்கும்போது அழுதுகொண்டு வருகிறவரை இரக்கப்பட்டு உள்ளே விட எனக்கு அதிகாரம் கிடையாது. டியூட்டி மேனேஜரிடம் சொல்லலாம், அடுத்த விமானத்தில் இடம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

"நிஜமா என்ன நடந்துச்சு, அப்படியே சொல்லு" என்றேன். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் டீசலை மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்கள். அறைகள் நிரம்பிவிட்டன, லாபியில் 17 பேர் நனைந்தபடி நின்றார்கள். இவள் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெயர், எத்தனை பேர், குழந்தை, மருந்து என்று நான்கு பத்தி போட்டாள். அறையில் இடம் பகிரச் சம்மதித்தவர்களிடம் முதியவர்களையும் கைக்குழந்தை வைத்திருந்தவர்களையும் அனுப்ப மேலாளரிடம் போனில் ஒப்புதல் வாங்கினாள். மற்றவர்களுக்குச் சாப்பாட்டு அறையில் மெத்தை விரித்தார்கள். ஒரு மணிக்கு ஒருமுறை, புதுச் செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழிலும் இந்தியிலும் நிலவரத்தைச் சொன்னாள். ஒருவர் கடைசிவரை கத்திக்கொண்டுதான் இருந்தார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு மணிக்கு ஒருமுறை. விமானம் தாமதமாகும்போது கேட்டில் நிற்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, சொல்ல ஒன்றும் இல்லை என்று பேசாமல் இருந்துவிடுவது. அப்போதுதான் கூட்டம் மேசையை நெருங்கும். "இன்னும் செய்தி வரவில்லை, அடுத்து எட்டரைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, எட்டரைக்குச் சரியாக வந்து சொன்னாலே பாதிச் சத்தம் அடங்கும். இதை யாரும் கற்றுத்தராமல் அவள் செய்திருக்கிறாள். கத்தியவர் கடைசிவரை கத்தினார் என்பதையும் நேர்முகத்தில் மறைக்க வேண்டாம் என்றேன். அங்கே வரும் அடுத்த கேள்வி பெரும்பாலும் "அப்போது உங்கள் மேலாளர் எங்கே இருந்தார்?" என்பதுதான். உண்மையைச் சொல்கிறவளுக்கு அது சுலபமான கேள்வி.

மூன்றில் எதை அனுப்புவது என்று கேட்டால், கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைக்கு இரண்டாவதையே அடித்தளமாக வைத்து, மூன்றாவதைச் சுருக்கி அதில் சேர்ப்பேன். முதலாவதை எடுத்துப் போட்டுவிடலாம். கடைசியில் நாங்கள் சேர்ந்து எழுதியது இது:

"விமான நிலையம் அருகே 40 அறை ஓட்டலில் மூன்று ஆண்டு வரவேற்புப் பணி, ஷிப்டுக்கு 20 முதல் 25 செக்-இன், மாதம் 10 இரவு ஷிப்ட். வெளிநாட்டு விருந்தினர்களின் பாஸ்போர்ட், விசா சரிபார்த்து ஃபார்ம் சி பதிவு. 2023 டிசம்பர் புயலில் கணினி இல்லாமல் 17 பேருக்குக் கையால் பட்டியலிட்டு, மேலாளர் ஒப்புதலுடன் தங்க இடம் ஏற்பாடு; மணிக்கு ஒருமுறை இரு மொழிகளில் அறிவிப்பு. தமிழ் தாய்மொழி, ஆங்கிலம் பேச, எழுத, இந்தி பேச மட்டும், மலையாளம் புரியும்."

'மலையாளம் புரியும்' என்று போட அவளுக்கு மனமில்லை, குறைத்துக் காட்டுவதுபோல இருக்கிறதாம். ஆனால் அந்த ஒரு சொல்லால்தான் மற்ற மூன்று மொழிகளையும் படிக்கிறவர் நம்புவார்.

கேபின் குரூவுக்கு இதையே அனுப்பினால் பாதிதான் பொருந்தும். 50 இருக்கைக்கு ஒரு கேபின் குரூ என்பது இந்தியாவில் குறைந்தபட்ச விதி. காபி ஊற்ற எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்து வைத்த கணக்கு இல்லை அது. ஆபத்தில் ஆட்களை வெளியேற்றுவதற்கானது. பெரிய விமானம் ஒன்றுக்குச் சான்றிதழ் தரும்போதே, வெளியேறும் கதவுகளில் பாதியை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் அத்தனை பேரையும் இறக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே நிதானம் என்பது பொறுமையாக விளக்குவது இல்லை. கதவோரம் நின்று, கேட்டவுடன் கால் நகரும்படி உரக்கக் கட்டளை இடுவது. மொழிக்கும் அங்கே வேலை வேறு. கவுண்டரில் நீளமாக விளக்கிச் சம்மதிக்க வைக்கிற மொழி வேண்டும், விமானத்தில் இரண்டு சொல்லில் முடிகிற மொழி வேண்டும்.

அப்படி ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஒருநாள் ஜெனரேட்டர் அறையிலிருந்து புகை வந்ததைச் சொன்னாள். இரண்டாவது மாடியை இவளும் ஒரு ரூம் பாயும் தட்டித் தட்டிக் காலி செய்தார்கள். லிஃப்ட் பக்கம் போனவர்களைப் படிக்கட்டுக்குத் திருப்பினார்கள். ஓர் அம்மா பெட்டியை எடுக்க அறைக்குள் திரும்பப் போனபோது இவள் வாசலை மறித்து நின்று, இந்தியில் "பெட்டி வேண்டாம், கீழே போங்க" என்று கத்தியிருக்கிறாள். "அந்தம்மாகிட்ட அப்புறம் மன்னிப்புக் கேட்டேன் அக்கா, கத்தினதுக்கு" என்றாள்.

விமானத்திலிருந்து வெளியேற்றும்போது மேல் அடுக்கைத் திறந்து பை எடுக்க நிற்கிறவர்தான் பின்னால் வருகிற வரிசையையே தடுப்பார். பையை விடச் சொல்லிக் கத்துவது கேபின் குரூ பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிற கட்டளை. பயிற்சி இல்லாமலே அதைச் செய்துவிட்டு, மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். கேபின் குரூ விண்ணப்பத்தில் புயலை எடுத்துவிட்டு இதைப் போட்டோம்: "புகை எழுந்தபோது சக ஊழியருடன் இரண்டாம் மாடி விருந்தினர்களைப் படிக்கட்டு வழியாக வெளியேற்றினேன், பெட்டி எடுக்கத் திரும்பியவரைத் தடுத்து, இந்தியில் கட்டளையிட்டு இறக்கினேன்." ஃபார்ம் சி வரியை எடுத்துவிட்டோம். இரவு ஷிப்ட் வரி அப்படியே இருக்கிறது. உயரம், வயது போன்ற தகுதிகள் விண்ணப்பப் படிவத்திலேயே தனியாகக் கேட்கப்படும். அவற்றுக்காகச் சம்மரியில் ஒரு வரியை வீணாக்க வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

சில இடங்களில் இரண்டு வேலைக்கும் ஒரே பயோடேட்டாதான் வாங்குவார்கள். அப்போது என்ன செய்வது என்று கேட்டாள். கிரவுண்ட் ஸ்டாஃபுக்கு எழுதியதையே கொடு என்றேன். பாஸ்போர்ட் பார்க்கத் தெரிந்தவளை அந்த மேசையில் யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். புகைக் கதையை நேர்முகத்தில் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.