அவுட்டோரைச் சுவரில் தொங்கவிடுவதா, மாடியில் உட்காரவைப்பதா? ஸ்பிளிட் ஏசி பொருத்தும் செலவுக் கணக்கு

பழைய ஒன்றரை டன் ஏசியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியபோது, இன்டோர் எங்கே என்பதில் குழப்பமே இல்லை. பழைய இடம்தான். அவுட்டோரை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு நாள் போனது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் இரும்பு ஸ்டாண்ட் அடித்துத் தொங்கவிடலாம், பழையது அப்படித்தான் இருந்தது. அல்லது தலைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியில், தரை ஸ்டாண்டில் உட்காரவைக்கலாம். நான் மாடிக்குப் போனேன். பில் கூடியது. ஆனாலும் மறுபடி கேட்டால் மாடி என்றுதான் சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவான செலவை முதலில் ஒதுக்கிவிடலாம். மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனி லைன், தனி எம்சிபி, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அவுட்டோர் எங்கே இருந்தாலும் இது மாறாது. ஸ்டெபிலைசரும் அப்படியே. ஒன்றரை டன்னுக்கு வழக்கமாக 4 கேவிஏ வாங்குவார்கள். ஆனால் இப்போதைய இன்வெர்ட்டர் ஏசி பலவற்றில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று குறிப்பேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். கோடை இரவில், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில், பிளக்கில் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். அந்த எல்லைக்குள் நின்றால் ஸ்டெபிலைசர் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அடிக்கடி வெளியே போனால் வாங்கிவிடுங்கள்.

வித்தியாசம் முழுக்க பைப்பில்தான். ஏசியோடு சேர்ந்து வரும் செட் பெரும்பாலும் 3 மீட்டர். சுவரில் தொங்கவிட்டிருந்தால் எனக்கு அதுவே போதும். மாடிக்கு எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டபோது, அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆறு மீட்டர் வரும் சார்” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு கயிற்றை எடுத்தேன். இன்டோரின் பின்பக்கத்திலிருந்து சுவர்த் துளையைத் தாண்ட 1 மீட்டர். வெளியே வந்ததும் கீழே இறங்கி வளைய அரை மீட்டர். ஏறிக் கைப்பிடிச் சுவரைத் தாண்ட இரண்டரை. அந்தப் பக்கம் இறங்க 1. மாடித் தரையில் 3. இணைக்கவும் வளைக்கவும் விட வேண்டியது 1. மொத்தம் 9. கண்ணளவுக்கும் கயிற்றளவுக்கும் 3 மீட்டர் இடிக்கிறது. வேலை முடிந்த பிறகு தெரிந்திருந்தால் அது சண்டையாகத்தான் முடிந்திருக்கும்.

அந்த அரை மீட்டர் வளைவு வீண் இல்லை. மேலிருந்து இறங்கும் பைப் நேராகத் துளைக்குள் நுழைந்தால், மழைநீர் அதையே பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலேறி நுழைந்தால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். துளையும் வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும்.

ஆக, கூடுதலாக 6 மீட்டர். பைப்போடு சேர்ந்து நீள்கிற மற்றவையும் உண்டு: இரண்டு பைப்புக்கும் தனித்தனி இன்சுலேஷன், இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே போகும் நாலு கோர் ஒயர், கிளாம்ப். அப்புறம் கேஸ். என் மாடலில் 5 மீட்டர் பைப்புக்கான கேஸ் அவுட்டோரிலேயே நிரப்பி வருகிறது, அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் ஏற்றச் சொல்கிறார்கள். எனக்கு 4 மீட்டர் மிச்சம், அதாவது 80 கிராம். இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், ஏட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெயின் பைப் மட்டும் நீளாது, தண்ணீர் எப்படியும் கீழேதானே போகும்.

விலை கேட்கும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மீட்டருக்கு இவ்வளவு என்றால் அது தடித்த பைப்பும் மெல்லிய பைப்பும் சேர்ந்த ஜோடிக்கா, ஒவ்வொன்றுக்கும் தனியா? அடுத்தது பைப்பின் சுவர்த் தடிமன். அரை அங்குலப் பைப் 0.8 மில்லிமீட்டர் தடிமனில் மீட்டருக்குச் சுமார் 270 கிராம், 0.6 என்றால் சுமார் 200 கிராம்தான். செம்பு எடைக்கு விற்கிற பொருள். கால்வாசி மலிவாக யாராவது சொன்னால், கால்வாசி செம்பு குறைவாக இருக்கலாம்.

இத்தனை கூடுதலுக்குப் பிறகும் மாடி ஏன்? பராமரிப்புதான். பழைய ஏசி சுவரில் தொங்கிய காலத்தில், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஓர் ஆள் கயிறு கட்டி இறங்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. பல முறை இன்டோர் பில்டரைக் கழுவிவிட்டு, “அவுட்டோர் நல்லாத்தான் இருக்கு சார்” என்று சொல்லிப் போய்விட்டார்கள். கழற்றிக் கீழே இறக்கியபோதுதான் பார்த்தேன், பின்பக்கத் தகடுகளுக்கு இடையே தூசி அடைத்துக் கம்பளி விரித்தது போல இருந்தது. காற்று அதற்குள் எப்படிப் போகும்? கம்ப்ரசர் திணறி மின்சாரத்தைத் தின்றிருக்கிறது, இத்தனை நாளும் அதற்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

கயிற்றுக் கூலி எனக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பைப் செட் விலைக்கு வந்தது. வருடம் இரண்டு சர்வீஸ் என்றால் 2 மீட்டர். கூடுதல் 6 மீட்டரும் 3 வருடத்தில் ஈடாகிவிடும். ஒயரும் கேஸும் சேர்த்தால் 4 வருடம் என்று வையுங்கள். நடுவில் பழுது வந்தால் இன்னும் சீக்கிரம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயினை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயால் நானே தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன்.

மாடிக்குக் குறை இல்லாமல் இல்லை. பைப் நீண்டால் குளிர்ச்சி கொஞ்சம் குறையும். நாள் முழுக்க வெயிலும் படும். வெயிலில் இன்சுலேஷன் பொடிந்துபோகும், அதன்மேல் சுற்றிய டேப்பைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். எனக்கு இரண்டு கோடை அனுபவம்தான், அதில் ஒருமுறை டேப் மாற்றியாயிற்று. பைப்பையும் ஒரே துண்டாகப் போடச் சொல்லுங்கள், நடுவில் பற்றவைப்பு இருந்தால் கசிவதற்கு இன்னோர் இடம் கூடுகிறது. உங்களுக்கு மேலே இன்னும் இரண்டு தளம் இருந்தால் என் கணக்கு செல்லாது. கைக்கு எட்டும் பால்கனி இருந்தால் இந்தக் கேள்வியே வராது, அங்கேயே வைத்துவிடுங்கள்.

சுவர் ஸ்டாண்டைத் தொடர நினைத்தாலும், பழையதில் புதியது உட்காரும் என்று எண்ணிப் பட்ஜெட் போடாதீர்கள். கால்களின் இடைவெளி பொருந்தாமல் போகலாம், துருவும் இருக்கும். எனக்கு நட்டு திரும்பவே இல்லை, கட்டிங் மெஷினால் அறுத்துத்தான் எடுத்தார்கள். கழற்றும் கூலியில் அதுவும் சேர்ந்தது. கழற்றும் முன் பழைய ஏசியை ஓடவிட்டு, கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்து வால்வை மூடிவிடுவார்கள். கம்ப்ரசர் ஓடினால்தான் இது நடக்கும். ஓடாவிட்டால் கேஸைத் தனி மெஷினில் எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கழற்றிய செம்புப் பைப் உங்களுடையது. கூலி பேசும்போதே அதைச் சொல்லிவிட்டேன், என் கழற்றும் கூலியில் பாதி அதிலேயே கழிந்தது.